ஒடியாவில் ஒரு ‘இல்லை’

எங்கள் கடையில் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. எங்களைப் பெற்ற அத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். தினை தீர்ந்துபோயிருந்தால் ‘வரும்’ என்போம். எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாத சரக்குக்கும் ‘வருங்க, கொஞ்சம் பொறுங்க’ என்போம். முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொன்னால் பரக்கத்தும் செழிப்பும் வாசலோடு திரும்பிப் போய்விடும் என்று அத்தா நம்பினார். அவர் மௌத்தாகிப் பல வருஷமாகிவிட்டது. அண்ணன் இன்றைக்கும் அதை நம்புகிறார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன், அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் சாமை, தினை, தேன், கடுக்காய் என்று மலைச்சரக்கு விற்கிற கடை எங்களுடையது. கணவர் இறந்து நான் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்து ஆறு வருஷமாகிறது. சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. பாக்கெட் போடும் வேலையை எடுத்துக்கொண்டேன், பிறகு கடை போனையும் எடுத்துக்கொண்டேன். பாக்கெட்டில் ஒட்டுகிற சீட்டில் அந்த எண்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்குவது, அனுப்புவது எல்லாம் நான். புதன்கிழமை தோறும் வெள்ளிமலை பஸ் பிடித்து, கரியாலூரில் இறங்கி, மலைக்காரர்களிடம் சரக்கு பார்த்து வாங்கி, மூட்டைகளோடு ஜீப்பில் இறங்கி வருவதும் நான்தான். அது எனக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே சொந்த நாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடையைச் சாத்திவிடுவோம். அப்போது ஆர்டர் அனுப்புகிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று வாட்ஸ்அப்பில் ஒரு தானியங்கிப் பதில் போட்டு வைத்திருந்தேன். பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் யார் எதை அனுப்பினாலும் அது தானாகப் போகும். அதன் வாசகம் இது: ‘தங்கள் செய்தி கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. கண்டிப்பாகக் கிடைக்கும். சற்றுக் காத்திருக்கவும்.’ கடைசியில் ஒரு ரோஜாப்பூ. நானே யோசித்து எழுதியது. எழுதிய அன்று அண்ணன் படித்துப் பார்த்து, “அத்தா பேசற மாதிரியே கீதுமா” என்று கண் கலங்கினார். நான் கொஞ்சம் கர்வப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை போனைக் கடையிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தொழுது, சாப்பிட்டுவிட்டு, அண்ணனுக்கு முன்பாகவே கடைக்கு வந்துவிட்டேன். தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. எழுத்தெல்லாம் வட்டவட்டமாக, ஒவ்வொன்றும் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டிருந்தது. மலையாளம் என்று நினைத்தேன். பாலக்காட்டிலிருந்து ஒருவர் கடுக்காய் கேட்டு எழுதுவார். அவர்தான் வேறு எண்ணிலிருந்து எழுதுகிறார் என்று செய்தியை அழுத்திப் பிடித்து நகல் எடுத்து, போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டி, என்ன மொழி என்று அதையே கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒடியா என்றது. ஒடிசாவில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

தமிழில் அது கொடுத்தது இப்படி இருந்தது:

‘வணக்கம். நான் கரியாலூரில் கட்டிட வேலை செய்பவன். மூட்டையை ஜீப்பில் ஏற்றும் நபர். நீங்கள் தேன் கொடுத்தீர்கள். நான் உங்களை நன்றாக விரும்புகிறேன். புதன்கிழமை என் நாள் நன்று. உங்களுக்குச் சம்மதம் என்றால் நான் அம்மாவிடம் சொல்கிறேன்.’

ஆள் யார் என்று உடனே தெரிந்துவிட்டது. கரியாலூரில் ஜீப் நிற்கிற இடத்துக்கு எதிரே மூன்று மாடிக்கு ஒரு லாட்ஜ் கட்டுகிறார்கள். வேலை செய்வது முழுக்க வெளி மாநிலத்துக்காரர்கள். அதில் ஒருவர், முப்பது வயதிருக்கலாம், நான் மூட்டையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூக்கிப் போட்டுவிட்டுப் போவார். நான்கு வாரமாக அப்படித்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினாலும் யாருக்கும் புரியப் போவதில்லை. சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாதே என்று போன வாரம் ஒரு சின்னத் தேன் பாட்டில் கொடுத்தேன். பாட்டிலில் சீட்டு, சீட்டில் எண். நானே கையில் கொடுத்திருக்கிறேன்.

முதலில் எனக்கு வந்தது சந்தேகம். இந்த மாதிரி முகம் தெரியாத செய்தி வந்து, ஆசையாகப் பேசி, பிறகு பணத்தைக் கறக்கிற மோசடிகளைப் பற்றி எவ்வளவு கேட்டிருக்கிறோம். ஆனால் இதில் எந்த லிங்க்கையும் அமுக்கச் சொல்லவில்லை, பணம் எதுவும் கேட்கவில்லை. தேன் கொடுத்தது எனக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஆள் நிஜம்.

இரண்டாவது சந்தேகம், இது காதல்தானா என்பது. ‘நன்றாக விரும்புகிறேன்’ என்றால் தேனை விரும்புகிறாரோ, என்னவோ. ஒருவர் தேன் நன்றாயிருக்கிறது என்று எழுதப் போக, நான் நீ எப்படி என்னைக் காதலிக்கலாம் என்று கிளம்பினால் என்ன ஆகும்? அதனால் அதே செய்தியை ஆங்கிலத்துக்கும் மாற்றிப் பார்த்தேன். பிளஸ் டூ வரை படித்த ஆங்கிலம் இதற்குப் போதும். அங்கே நேரடியாகவே காதல் என்று இருந்தது. அம்மாவிடம் சொல்கிறேன் என்பதும் இரண்டிலும் இருந்தது. தேனைப் பற்றி யாரும் அம்மாவிடம் சம்மதம் கேட்க மாட்டார்கள்.

அப்புறம்தான் கண் கீழே போனது. அவர் செய்திக்கு அடியில், அதே நிமிஷத்தில், என் கடையின் பதில் போயிருந்தது. மிக்க மகிழ்ச்சி. கண்டிப்பாகக் கிடைக்கும். சற்றுக் காத்திருக்கவும். ரோஜாப்பூ.

யா அல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அதற்குக் கீழே, இரண்டரை தாண்டி வந்த அவருடைய இரண்டாவது செய்தி. அதையும் நகல் எடுத்து ஒட்டினேன். ‘உங்கள் பதிலை என் போன் எனக்கு மாற்றிக் கொடுத்தது. நீங்கள் மகிழ்ச்சி என்றீர்கள். நான் காத்திருக்கிறேன். புதன்கிழமை ஜீப் இடத்தில் எல்லோர் முன்னும் உங்களிடம் பேசுவேன். மறைந்து பேசுவது எனக்குப் பிடிக்காது.’ கூடவே ஒரு குரல் பதிவு. குரலை நகல் எடுத்து ஒட்ட முடியாது. இன்னொரு போனுக்குப் பக்கத்தில் சத்தமாக ஓடவிட்டு மாற்றலாம்தான், கடைத்தெருவில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்குப் பைத்தியமா? போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டேன். பின்னால் கலவை மெஷின் ஓடுகிற சத்தம். ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவருக்குப் பயமாக இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நல்ல மனிதர், கடையில் எறும்பு ஊர்ந்தால்கூட ஒதுங்கிப் போவார். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் போனில் இதயப்படம் அனுப்பிய ஒரு வாலிபனை அவரும் அவர் நண்பர்களும் ‘விசாரித்தார்கள்’. அவன் கையில் மாவுக்கட்டோடு ஒரு மாதம் அலைந்தான். அவனாவது உள்ளூர்க்காரன், கேட்க ஆளிருந்தது. இந்த மனிதருக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? ஜீப் ஓட்டுகிறவர் அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். புதன்கிழமை ஜீப்புக்கு முன்னால் நின்று இந்த மனிதர் ஒரு வார்த்தை பேசினால், மூட்டை ஊருக்கு வந்து சேர்வதற்குள் அந்த வார்த்தை வந்துவிடும். மறுநாள் அந்த லாட்ஜ் வாசலில் நாலு பைக் நிற்கும். என் மலைப்பயணமும் அதோடு சரி. எனக்கு அதுகூட இரண்டாம் பட்சமாக இருந்தது. நான் எழுதி வைத்த நாலு வரிக்காக ஒருவர் அடி வாங்கப் போகிறார் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அண்ணன் உள்ளே வந்தார். “இன்னாமா, ஆர்டரா?”

“ஆமாண்ணா. வெளியூரு.”

“இன்னா கேக்கறாங்க?”

“தேனு.”

“வரும்னு சொல்லிட்டியா?”

“அதான் போயிடுச்சே, தானா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தக் குடை பிடித்த எழுத்து அன்றைக்கு என்னையும் அந்த மனிதரையும் காப்பாற்றியது. தமிழில் எழுதியிருந்தால் அண்ணன் என் தோளுக்கு மேலிருந்தே படித்திருப்பார்.

மொழி தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுதிவிடலாமே என்று யோசித்தேன். லாட்ஜ் வேலையைப் பார்க்கிற மேஸ்திரிக்கு ஒடியாவும் தெரியும், தமிழும் தெரியும். ஆனால் அவரிடம் சொன்னால் ராத்திரிச் சோற்றுக்குள் கூட்டம் முழுவதும் சிரிக்கும். தன் மனதை எழுதி அனுப்பியவரின் செய்தியை அவருடைய கூட்டாளியிடமே படிக்கக் கொடுப்பது அநியாயம். அதனால் மொழிபெயர்ப்பு மெஷினே போதும் என்று முடிவு செய்தேன். மெஷினுக்கு வாய் கிடையாது. ஆனால் ஞாபகம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் வேலையாக அந்தத் தானியங்கிப் பதிலை நிறுத்தினேன். நான் வேண்டாம் என்று எழுதி, அவர் அதற்கு ஏதாவது எழுதி, அதற்கு மறுபடியும் ‘மிக்க மகிழ்ச்சி’ போனால் என்னாவது?

சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். வியாபாரம் பேசிப் பழகிய கை தானாக எழுதியது: ‘உங்க நல்ல மனசுக்கு நன்றிங்க. இப்போதைக்கு எனக்கு அந்த எண்ணம் இல்லைங்க. அப்புறம் பார்க்கலாம்.’ நம் ஊரில் இதைப் படிக்கிற யாருக்கும் விஷயம் விளங்கிவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் ‘அப்புறம் சொல்லி அனுப்பறோம்’ என்று எழுந்து போனால், யாராவது காத்திருப்பார்களா? ஆனால் மெஷின் அதை ஒடியாவாக்கியதும், அப்படியே அனுப்பாமல், அந்த ஒடியாவை நகல் எடுத்து மறுபடியும் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். பாலக்காட்டுக்காரருக்கு எழுதும்போது ஒருமுறை கடுக்காய் வேறு ஏதோ காயாகிப் போனதிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம். வந்தது இது: ‘உங்கள் நல்ல இதயத்துக்கு நன்றி. தற்போது நான் அதை நினைக்கவில்லை. பிறகு சந்திப்போம்.’

பிறகு சந்திப்போமாம். நல்லவேளை, அனுப்பியிருக்கவில்லை.

மெஷினைத் திட்டிப் பயனில்லை. நான் எழுதியதில் வேண்டாம் என்ற சொல்லே இல்லை. இல்லாததை அது எங்கிருந்து கொண்டுவரும்?

அடுத்து, எனக்குக் கணவர் இருக்கிறார் என்று பொய் எழுதிப் பார்த்தேன். எழுதியதும் எரிச்சல் வந்தது. என் விருப்பமின்மை போதாது, செத்துப்போன மனுஷரையும் சாட்சிக்கு எழுப்ப வேண்டுமா? அதோடு, யாராவது ‘அந்த அம்மாவுக்கு வீட்டுக்காரர் இல்லையே’ என்று அவரிடம் சொல்லிவிட்டால், தடை நீங்கிவிட்டது என்று அர்த்தமாகிவிடும். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதலாமா? அவர் மறைந்து பேசாத மனிதர். நேராக வீட்டுக்கே வந்து அண்ணனிடம் பேசுவார். மதம், வயது, ஊர் என்று எதை எழுதினாலும் அதற்கு அவரிடம் ஒரு பதில் இருக்கும். பேரம் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். சாமையில் கல் இருக்கிறது என்று ஒரு காரணம் சொன்னால், பொறுக்கித் தருகிறேன் என்பார்கள். காரணம் சொன்னால் பேச்சு வளரும்.

போலீஸில் சொல்வேன் என்று எழுதினால் அன்றோடு முடிந்துவிடும். ஆனால் அவர் என்ன தப்பு செய்தார்? கேட்டார். ஒரே ஒரு தடவை, ‘சம்மதம் என்றால்’ என்று சொல்லிக் கேட்டார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் என் கடை சொன்ன பதிலுக்கு அவர் சொன்ன பதில்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தச் செய்தி பிடித்திருந்தது. அவரை அல்ல, அவர் முகம்கூடச் சரியாக நினைவில்லை. ஆறு வருஷமாக நான் எல்லோருக்கும் விதவைத் தங்கச்சி, பாக்கெட் போடுகிற பாயம்மா. என்னால் ஒருவருடைய புதன்கிழமை நன்றாக இருக்கிறது என்று படித்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. அதனால்தான் கவனமாக எழுத வேண்டியிருந்தது. சந்தோஷம் கொஞ்சம் கசிந்தாலும் அந்தப் பக்கம் அது சம்மதமாகப் போய்ச் சேரும்.

கடைசியில் சின்னச் சின்ன வாக்கியமாக, பேச்சு வழக்கு இல்லாமல், பாடப் புத்தகத் தமிழில் எழுதினேன். மெஷினுக்குப் பாடப் புத்தகத் தமிழ்தான் புரிகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக ஒடியாவாக்கி, தனித்தனியாகத் திருப்பிப் பார்த்தேன். ‘மனம் நோக வேண்டாம்’ என்பது திரும்பி வரும்போது ஏதோ இதய வலியாகிவிட்டது, அதை எடுத்துவிட்டேன். ‘தம்பி போல’ என்று ஒரு வரி இருந்தது. உறவு வைத்துக் கூப்பிட்டால் உறவு இருக்கிறது என்றாகிவிடும் என்று அதையும் எடுத்தேன். ஒடியாவிலும் நீ, நீங்கள் உண்டாம். மெஷின் எதைப் போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் ‘நீங்கள்’ என்றுதான் எழுதினேன், திரும்பியும் ‘நீங்கள்’ என்றே வந்தது. அதற்கு மேல் நான் என்ன செய்ய? பூப்படம், கும்பிடும் கை எதுவும் வைக்கவில்லை. முடிவில் இருந்தது இவ்வளவுதான்:

‘உங்கள் செய்தியைப் படித்தேன். வெள்ளிக்கிழமை உங்களுக்கு வந்தது கடையின் தானியங்கிப் பதில். அது எல்லோருக்கும் போகும். அதை நான் அனுப்பவில்லை. அந்தத் தவறு என்னுடையது. மன்னியுங்கள். என் பதில்: இல்லை. நான் உங்களைக் காதலிக்கவில்லை. இந்தப் பதில் மாறாது. நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. மரியாதையாகக் கேட்டீர்கள். புதன்கிழமை எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அங்கே இதைப் பற்றிப் பேசினால் உங்களுக்கு ஆபத்து வரலாம். உங்கள் செய்தியை நான் யாரிடமும் காட்ட மாட்டேன். நீங்களும் காட்ட வேண்டாம். மூட்டை தூக்கியதற்கு நன்றி.’

ஒடியாவுக்குக் கீழே தமிழையும் அப்படியே வைத்தேன். ‘இது மெஷின் மாற்றியது, சந்தேகம் இருந்தால் தமிழை நீங்களே மாற்றிப் பாருங்கள்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். என் மெஷின் தப்பு செய்திருந்தால் அவர் மெஷினாவது சரி செய்யட்டும்.

எழுதி முடித்ததும் அனுப்பவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர் சாரத்தில் நிற்பார். மூன்றாவது மாடியில் மூங்கில் மேல் நின்றுகொண்டு இதைப் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேலை கிடையாது. தரையில் உட்கார்ந்து படிக்கட்டும், அழுவதானால் அழட்டும், பகல் முழுக்க இருக்கிறது.

ஞாயிறு காலை அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. ஒன்றோடு நின்றது.

மத்தியானம் ஒரு டிக். சாயந்திரம் ஒரு டிக். இதை நான் யோசிக்கவே இல்லை. கரியாலூரில் சிக்னல் எல்லா இடத்திலும் எடுக்காது என்று எனக்குத் தெரியாதா? அவர்கள் தங்கியிருக்கும் கொட்டகை பள்ளத்தில். லாட்ஜின் மேல் மாடிக்குப் போனால்தான் கோடு ஏறும். வெள்ளிக்கிழமை அங்கிருந்துதான் அனுப்பியிருப்பார். அப்படியானால் என் பதில் அவர் கையில் போய்ச் சேரப்போவது திங்கட்கிழமை, சாரத்தின் மேல் நிற்கும்போதுதான். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நாள் பார்த்து அனுப்பியிருக்கிறேன் பாருங்கள்.

போகாமலே போய்விட்டால் என்ன செய்வது என்று, மலையில் எனக்குச் சாமை கொடுக்கிற அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஊருக்கு நடுவில் இருப்பதால் போன் எடுக்கும். “புதன்கிழமை ஜீப்பு நிக்கற எடத்துல நான் ஏறற வரைக்கும் என்கூடவே நில்லுங்கக்கா” என்றேன்.

“இன்னா பாயம்மா, யாரு இன்னா சொன்னா?”

“யாரும் தப்பா ஒண்ணும் சொல்லல. அப்புறமா சொல்றேன்.”

“சரி, நிக்கறேன்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒருவரிடம் கொட்ட வேண்டும் என்றில்லை. ஒருவர் பக்கத்தில் நிற்பார் என்று தெரிந்தாலே மூச்சு சீராகிறது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு டிக். நீலம். நான் தராசில் தினையைக் கொட்டிக்கொண்டிருந்தேன், கொட்டிக்கொண்டே இருந்தேன், தட்டு நிரம்பி வழிந்தது. “எங்க கீது உன் புத்தி?” என்றார் அண்ணன். மூன்றாவது மாடியில், மூங்கில் மேல், என்று சொல்லவா முடியும்? பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று கை போனது. கூப்பிட்டு என்ன மொழியில் கேட்பேன்? அதுவும் இல்லை என்று சொன்ன சூட்டோடு நானே கூப்பிட்டால், எழுதியது அத்தனையும் பொய்யாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பாக்கெட் போட்டேன். அந்த ஒரு மணி நேரம் அவர் விழாமல் இருக்க வேண்டும் என்று நான் கேட்ட துஆவை, என் சொந்த அண்ணனுக்காகக்கூடக் கேட்டதில்லை.

பன்னிரண்டேகாலுக்கு ஒரே ஒரு வரி வந்தது. மாற்றிப் பார்த்தேன். ‘புரிந்தது. நான் பேச மாட்டேன். தேன் நன்றாக இருந்தது.’

நன்றி என்று எழுதத் தோன்றியது. எழுதி, அழித்துவிட்டேன். ஒன்றுக்கு ஒன்று என்று பதில் போய்க்கொண்டிருந்தால் அதற்கு முடிவேது? அவரைப் பிளாக் செய்யவும் இல்லை. புரிந்தது என்று சொன்னவர் முகத்தில் கதவைச் சாத்துவானேன்? ஏதாவது சண்டை வந்தால் அவர் மரியாதையாகத்தான் எழுதினார் என்று காட்டுவதற்காகப் புதன்கிழமை வரைக்கும் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தேன்.

புதன்கிழமை போனேன். போகாமல் இருந்தால் அது வேறு மாதிரி தெரியும். அக்கா சொன்னபடி ஜீப்பண்டை வந்து நின்றார். லாட்ஜில் வேலை நடந்துகொண்டிருந்தது. மேல் மாடியில் ஒரு ஆள் முதுகைக் காட்டியபடி சுவர் பூசிக்கொண்டிருந்தார். அவராகத்தான் இருக்க வேண்டும், நான் உற்றுப் பார்க்கவில்லை. மூட்டைக்கு அந்தப் பக்கம் அக்காவும் இந்தப் பக்கம் நானுமாகத் தூக்கினோம். கனமாகத்தான் இருந்தது.

ஜீப்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “இன்னா பாயம்மா, எப்பவும் ஒரு ஹிந்திக்காரன் வந்து தூக்குவான், இன்னிக்கி காணோம்?” என்றார்.

“அவருக்கு வேலை ஜாஸ்தி போல” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார், மேல் மாடியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். “ஏறு பாயம்மா, நேரமாவுது” என்றார். அவ்வளவுதான்.

இறங்கி வரும் வழியில், ஜீப் வளைவுகளில் உலுக்க உலுக்க, வாட்ஸ்அப்பில் இருந்ததையெல்லாம் அழித்தேன். குரல் பதிவை அழிக்கும் முன் ஒருமுறை காதில் வைத்துக் கேட்டேன். இப்போதும் புரியவில்லை. அதில் என்ன சொன்னார் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை. மொழிபெயர்ப்புச் செயலியிலும் ஒட்டியதெல்லாம் வரிசையாகச் சேர்ந்து கிடப்பதை அப்போதுதான் பார்த்தேன். கடை போன், யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். அவருடைய வரி, என்னுடைய வரி என்று ஒவ்வொன்றாகத் தள்ளி நீக்கினேன். மலையடிவாரத்தில் கச்சிராயப்பாளையம் வந்ததும் ஜீப்காரர் டீக்கு நிறுத்தினார். எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார், போனைப் பையில் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பாலக்காட்டுக்காரர் மலையாளத்தில் எதையோ எழுதியிருந்தார். நான் தேன் வடிகட்டிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் பிசுக்கு. அண்ணனே போனை எடுத்து, செயலியைத் திறந்தார். திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“யாருக்குமா இது?”

“எது?”

அவர் போனை என் பக்கம் திருப்பினார். பழைய வரிசையில், டீக்கு நிறுத்தியதில் அழிக்க விட்டுப்போனது ஒன்று இருந்தது. மேலே தமிழ், கீழே குடை பிடித்த எழுத்து. ‘என் பதில்: இல்லை.’

வடிகட்டித் துணியிலிருந்து தேன் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருவருடைய கை கால் உடையாமல் இருப்பது என் வாயில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. யாரிடமும் காட்ட மாட்டேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியதும் இப்போதுதான்.

“அந்த வெளியூர் ஆர்டருண்ணா. நம்மகிட்ட இல்லாதது ஒண்ணு கேட்டாங்க.”

அண்ணனுக்கு உண்மையாகவே வருத்தம். “அதுக்காக இல்லன்னா எழுதுவாங்க? அத்தா இருந்தா இன்னா சொல்வாரு? வரும்னு எழுதி உட்டிருக்கலாம்ல, பாவம், காத்துக்கினு இருப்பாங்க.”

“அதாண்ணா எழுதுனேன்” என்றேன். “வராது. காத்துக்கினு இருக்க வேணாம்னு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பாலக்காட்டுக்காரரின் செய்தியை ஒட்டினார். ஐம்பது கிலோ கடுக்காய் கேட்டிருந்தார். எங்களிடம் இருபதுதான் இருந்தது.

“இன்னா எழுத?” என்று அண்ணன் கேட்டார்.

“இருவது கீது, மிச்சம் இல்லன்னு எழுதுங்க” என்றேன்.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அப்படியே எழுதினார்.